பேசுபவரும் கையால் பேசுபவரும் ஒரே திரையில்: ஜூம் கூட்டத்தில் பின், ஸ்பாட்லைட் செய்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சங்கத்தின் ஜூம் கூட்டத்துக்கு நான் ஹோஸ்டாக இருந்தேன். கூட்டம் ஆரம்பித்து நாலாவது நிமிஷத்தில் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: "அண்ணாச்சி, கை காட்டுற அக்காவக் காணோம். யாரோ ஒரு தாத்தா இருமுறதுதான் தெரியுது." அம்பாசமுத்திரத்திலிருந்து கலந்துகொண்ட, காது கேளாத ஒரு தம்பி அனுப்பியது. என் திரையில் சைகை மொழிபெயர்ப்பாளர் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தார். ஏனென்றால் ஒருவரைத் திரையில் நிலையாக நிறுத்தும் Pin வசதியால் நான் அவரைப் பின் செய்து வைத்திருந்தேன், அதே காட்சி எல்லாருக்கும் போகிறது என்று நம்பியும் இருந்தேன்.

இந்த வழிகாட்டி அந்த நாலு நிமிஷத்தைப் பற்றியதுதான். பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே காது கேளாதோருக்கான பள்ளி இருக்கிறது. அதனால் நம் பக்கத்தில் சைகை மொழி தெரிந்த குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். சங்கக் கூட்டமோ, பள்ளிப் பழைய மாணவர் கூட்டமோ, எதை நடத்தினாலும் அவர்களும் வருவார்கள். எண்பது பேர் வரும் கூட்டத்தில் பேச்சாளரும் சைகை மொழிபெயர்ப்பாளரும் எல்லார் திரையிலும் நிலையாக நிற்க என்ன செய்யவேண்டும் என்பதை, ஜூமை வைத்துச் சொல்கிறேன்.

## அந்தத் தாத்தா ஏன் திரைக்கு வந்தார்

ஜூமின் Speaker காட்சி சத்தத்தைப் பின்தொடர்ந்து போகும். யாருடைய மைக்கிலிருந்து ஒலி வருகிறதோ அவர் முகம் பெரிதாகும். இருமினாலும் சரி, குக்கர் விசில் அடித்தாலும் சரி, அதற்குக் கணக்கு ஒன்றுதான். சைகை மொழிபெயர்ப்பாளர் கூட்டம் முழுக்க வேலை செய்வார், ஆனால் ஒரு சத்தமும் எழாது. அதனால் அவர் தானாக ஒருபோதும் பெரிதாக மாட்டார்.

சரி, Gallery காட்சிக்கு மாறினால் போதாதா? கணினியில் ஒரு பக்கத்துக்கு 25 பேர் என்றால், 84 பேர் இருக்கும் கூட்டத்துக்கு நாலு பக்கம். மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் பக்கத்தில் தபால்தலை அளவில் இருப்பார். ஆட்கள் வரப் போக, இடமும் மாறும். சைகை மொழியில் விரல் மட்டும் பேசுவதில்லை, புருவமும் வாயும் தோளும் சேர்ந்துதான் பொருள் தருகின்றன. தபால்தலை அளவில் அது எதுவும் தெரியாது. போனில் ஒரு பக்கத்துக்கு ஒரு சிலர்தான் தெரிவார்கள். அங்கே தேடிக்கொண்டிருப்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

## பின் எனக்கு, ஸ்பாட்லைட் ஊருக்கு

நான் செய்த தவறு இதில்தான். Pin என்பது அவரவர் திரைக்கு மட்டும். யார் வேண்டுமானாலும் ஒருவரைப் பின் செய்துகொள்ளலாம், அது மற்றவருக்குத் தெரியவும் தெரியாது. ஹோஸ்டே பின் செய்தாலும் இதே கதைதான். கிளவுட் பதிவிலும் அது வராது.

Spotlight for Everyone என்பது ஹோஸ்டும் கோ-ஹோஸ்டும் மட்டும் செய்யக்கூடியது. அது எல்லார் Speaker காட்சியிலும் சத்தத்தைப் பின்தொடர்வதை நிறுத்தி, நீங்கள் சொன்ன ஆட்களை நிறுத்தி வைக்கும். ஒன்பது பேர் வரைக்கும் வைக்கலாம். ஆனால் நமக்கு வேண்டியது இரண்டு பேர்தான், சில சமயம் மூன்று. அதற்கு மேல் போனால் மறுபடியும் தபால்தலைக்கே வந்துவிடுவோம்.

ஸ்பாட்லைட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் தன் திரையில் யாரையாவது பின் செய்திருந்தால், அவர் திரையில் அவருடைய பின்தான் ஜெயிக்கும். அதேபோல Gallery காட்சிக்கு மாறிக்கொண்டவரை நீங்கள் இழுத்துக்கொண்டுவர முடியாது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சாளர் முகம் வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் மட்டும் முழுத் திரையில் போதும் என்று நினைக்கும் ஒருவருக்குப் பின்தான் வழி. ஆக, ஊருக்கு ஸ்பாட்லைட் போட்டுவிட்டு, தேவைப்பட்டவர்களுக்குப் பின் செய்யச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

## கூட்டத்துக்கு முந்தின நாள்

இரண்டாவது கூட்டத்தை நடத்திய விதத்தை அப்படியே சொல்கிறேன். தலைப்பு, போனில் வரும் பண மோசடி. பேச்சாளர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர், ஒருவர் இங்கேயே, இன்னொருவர் மதுரையில். ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு ஒரே ஆளை வைக்கக் கூடாது. கேட்டுக்கொண்டே இன்னொரு மொழியில் கையால் சொல்வது மூளைக்கும் தோளுக்கும் கடுமையான வேலை. ஏறக்குறைய இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதுதான் வழக்கம். இந்த மாறுதல்தான் ஸ்பாட்லைட்டில் எல்லாரும் சறுக்கும் இடம், பிறகு வருகிறேன்.

முந்தின நாள் மாலை பதினைந்து நிமிஷம் ஒத்திகை வைத்தோம். அதற்கு மூன்று பேராவது வீடியோவைத் திறந்தபடி இருக்கவேண்டும். இரண்டு பேரோடு ஒத்திகை பார்த்தால் மெனுவில் Spotlight வராமலே போகலாம். "அண்ணாச்சி, உங்க ஜூம் பழசு போல" என்று யாராவது சொல்வார்கள், நாமும் நம்பி அப்டேட் செய்துகொண்டிருப்போம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் பார்க்கவேண்டியது சட்டகம். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, பக்கவாட்டில் முழங்கை விரிய இடம். போனை நிமிர்த்தி வைத்தால் முழங்கை வெட்டுப்படும், படுக்கவைத்த நிலையில்தான் வைக்கவேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். நம் ஊர் வெயிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கரியாகிவிடும். சட்டை, தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒரே நிறமாக இருக்கட்டும். இன்னொரு முக்கியமான விஷயம், விர்ச்சுவல் பின்னணியை அணைக்கச் சொல்லுங்கள். வேகமாக அசையும் விரலை மென்பொருள் பின்னணி என்று நினைத்து விழுங்கிவிடும். ஒத்திகையில் மதுரை அக்காவின் இடது கை பாதி நேரம் ஓர் அழகான கடற்கரைக்குள் போய்வந்தது.

இருவரையும் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்: ISL 1, ISL 2 என்று ஆரம்பித்து அப்புறம் பெயர். ISL என்றால் Indian Sign Language, இந்தியச் சைகை மொழி. Participants பட்டியலில் ISL என்று தேடினால் உடனே கிடைப்பார்கள். எண்பது பேர் இருக்கும் பட்டியலை விரலால் உருட்டித் தேடுகிற நேரத்தில் பேச்சாளர் இரண்டு விஷயம் சொல்லி முடித்திருப்பார்.

கோ-ஹோஸ்டாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி மகன் அந்த வேலையைப் பார்த்தான். ஆட்களை உள்ளே விடுவதும் மைக்கை அணைப்பதும் அவன் பொறுப்பு, ஸ்பாட்லைட் என் பொறுப்பு. இரண்டு பேரும் ஸ்பாட்லைட்டைத் தொட்டால், ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்துவிடுவார். கோ-ஹோஸ்ட் வசதி கட்டணக் கணக்கில்தான் கிடைக்கும். இலவசக் கணக்கில் கூட்டமே நாற்பது நிமிஷத்தில் அறுந்துவிடும் என்பதால், இந்த மாதிரிக் கூட்டத்துக்கு அது எப்படியும் ஆகாது.

## கூட்டம் தொடங்கியதும்

அறிமுகம் ஆரம்பிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே ஸ்பாட்லைட்டைப் போட்டுவிட வேண்டும். பேச்சாளருடைய வீடியோவின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் மூலையில் மூன்று புள்ளி வரும். அதை அழுத்தி Spotlight for Everyone. அப்புறம் ISL 1இன் வீடியோவில் மூன்று புள்ளி, அங்கே Add Spotlight. அவ்வளவுதான், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனுவில் சொற்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் Add, Replace என்ற இரண்டு சொல்லையும் மட்டும் கண்ணை விரித்துப் படியுங்கள்.

Replace Spotlight என்பது ஏற்கெனவே இருப்பவர்களை எல்லாம் இறக்கிவிட்டு இந்த ஒருவரை மட்டும் ஏற்றும். மொழிபெயர்ப்பாளரை மாற்றப்போய் அதை அழுத்தினால் பேச்சாளரும் சேர்ந்தே போய்விடுவார். பேச்சாளரை மாற்றப்போய் அழுத்தினால் மொழிபெயர்ப்பாளர் போய்விடுவார். அப்படிப் போனால் கேட்கிறவர்கள் யாரும் கவனிக்கவே மாட்டார்கள், சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். கேளாதவர்களுக்கு மட்டும் கூட்டம் நின்றுபோகும். நான் Replace பக்கத்திலேயே போவதில்லை.

அடுத்து நம் திரையில் சரியாகத் தெரிகிறது என்று திருப்தி அடையக் கூடாது. ஹோஸ்டின் திரை பொய் சொல்லும், நான் பட்டது அதுதான். கூட்டத்தில் சாதாரண ஆளாக ஒரு போனிலும் சேர்ந்து, அதை மேசையில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலியையும் மைக்கையும் இணைக்காமல் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஊளையிடும். பங்கேற்பவருக்கு என்ன தெரிகிறது என்பதை அந்தப் போன் சொல்லும்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு திரை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் பேச்சாளரையும் பார்க்கவேண்டும், கேளாத பங்கேற்பாளர்களுக்குப் புரிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும், ஓய்வில் இருக்கும் சக மொழிபெயர்ப்பாளரையும் பார்க்கவேண்டும். ஒரு பெயரோ எண்ணோ தவறிப்போனால் அவர்தான் கையால் எடுத்துக்கொடுப்பார். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்டவரைப் பின் செய்யவேண்டும். சாதாரணப் பங்கேற்பாளர் ஒருவரைத்தான் பின் செய்யலாம். ஆகவே Participants பட்டியலில் ISL 1, ISL 2 இருவருக்கும் Allow to Multi-pin கொடுத்துவிடுங்கள். அவர்களைக் கோ-ஹோஸ்ட் ஆக்கினாலும் இது கிடைக்கும். ஆனால் கை ஓயாமல் வேலை செய்பவரிடம் கூட்டத்தின் பொத்தான்களையும் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

## கைமாறும் அந்தப் பத்து வினாடி

இருபது நிமிஷம் நெருங்கியதும் ISL 2 வீடியோவைத் திறந்து தயாராக இருப்பார். வாட்ஸப்பில் எனக்கு ஒரு கட்டைவிரல் வரும். நான் செய்வது இதுதான்:

1. ISL 2க்கு Add Spotlight. இப்போது திரையில் மூன்று பேர்.
2. ISL 2 கையைத் தூக்கித் தொடங்குகிறார். ISL 1 தான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுக் கையை இறக்குகிறார்.
3. கை இறங்கியதைப் பார்த்த பிறகே ISL 1க்கு Remove Spotlight.

வரிசையை மாற்றினால், அதாவது முதலில் எடுத்துவிட்டு அப்புறம் சேர்த்தால், நடுவில் சில வினாடி கையே இல்லாத திரை வரும். அந்த வினாடிகளில்தான் பேச்சாளர் "இந்த நம்பரை மட்டும் குறிச்சுக்கோங்க" என்று சொல்வார். எனக்கு அப்படியே நடந்தது. ஐயாவை மறுபடி சொல்லச் சொன்னோம்.

மின்சாரம் போய் ஒருவர் அறுந்து மறுபடி உள்ளே வந்தால், அவருடைய ஸ்பாட்லைட் திரும்பி வராது, புதிதாகச் சேர்க்கவேண்டும். அதுவரை ஓய்வில் இருப்பவரை உடனே ஏற்றிவிடுங்கள். மதுரையில் ஒருவர், இங்கே ஒருவர் என்று வைத்ததில் இருந்த வசதி இதுதான், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கரண்ட் போகாது.

## காது கேளாதவர் கேள்வி கேட்கும்போது

பெரும்பாலான ஹோஸ்டுகள் தயாராகாமல் வரும் இடம் இது. கேள்வி நேரத்தில், சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். பணம் போனால் உடனே 1930க்குப் போன் பண்ணுங்கள் என்று ஐயா சொல்லியிருந்தார். அந்தப் பெண் சைகையில் கேட்டது: "எனக்குப் பேச வராது, காது கேட்காது. 1930க்கு நான் எப்படிப் போன் பண்ணுவேன்?"

அவர் சைகை செய்ய, ISL 2 மைக்கைத் திறந்து அதைக் குரலில் சொன்னார். ஸ்பாட்லைட் இல்லாத கூட்டத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வருவதால், கேள்வி கேட்டவரை விட்டு மொழிபெயர்ப்பாளர் பெரிதாவார். கேட்டவர் யார் என்றே சபைக்குத் தெரியாது. மற்றக் கேளாதவர்களுக்கோ கேள்வியே போய்ச் சேராது, மொழிபெயர்ப்பாளர் அப்போது குரலில் அல்லவா பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கை தூக்கியதுமே, அவர் ஆரம்பிக்கும் முன்பே, அவருக்கு Add Spotlight. அது ஏறியது என்று உறுதியான பிறகு, "தொடங்குங்கள்" என்று சைகை காட்டச் சொல்லி மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல். பேச்சாளர், ISL 2, கேள்வி கேட்டவர் என்று மூன்று பேர் திரையில் இருப்பார்கள். அந்தச் சமயத்தில் ISL 2 தன் திரையில் கேள்வி கேட்டவரைப் பின் செய்துகொள்வார், அவருக்குப் பெரிதாகத் தெரிந்தால்தான் குரலாக்க முடியும். கேள்வி முடிந்து பதில் தொடங்கியதும் கேட்டவரை இறக்கிவிடலாம். தொடர்ந்து கேள்வி இருக்கும் என்று தோன்றினால் விட்டுவையுங்கள், இறக்கி ஏற்றுவதில் நேரம்தான் போகும்.

ஐயா ஒரு கணம் தடுமாறிவிட்டுத்தான் பதில் சொன்னார்: கூட இருக்கும் யாரையாவது விட்டு 1930ஐ அழைக்கச் சொல்லலாம், அதோடு cybercrime.gov.in தளத்தில் நீங்களே எழுத்தில் புகார் பதியலாம். இந்தத் தள முகவரியைச் சாட்டிலும் போட்டோம். முகவரி, எண், பெயர் மாதிரி விஷயங்களை ஒவ்வோர் எழுத்தாக விரலால் எழுதிக் காட்டவேண்டி வருவதால், சாட்டில் போட்டால் மொழிபெயர்ப்பாளருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

## ஸ்லைடு வந்தால் எல்லாம் சுருங்கும்

யாராவது திரையைப் பகிர்ந்ததும் ஸ்லைடு நடுவை எடுத்துக்கொள்ளும், வீடியோக்கள் ஓரத்துக்குப் போய்விடும். ஸ்பாட்லைட் ரத்தாகவில்லை, இடம்தான் சுருங்கிவிட்டது. பார்ப்பவர்கள் View Options சென்று Side-by-side தேர்ந்துகொண்டு, ஸ்லைடுக்கும் வீடியோவுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் வீடியோப் பக்கம் அகலமாகும். கணினியில் இது நன்றாகவே வேலை செய்யும். போனில் சின்னத் திரைக்குள் இதைச் செய்வது வீண் வேலை.

எனக்குப் பிடித்த வழி, ஸ்லைடை முந்தின நாளே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கூட்டத்தில் தேவையான இரண்டு மூன்றை மட்டும் காட்டுவது. காட்டும்போது பேச்சாளர் வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணவேண்டும். கேட்கிறவர் கண்ணால் ஸ்லைடையும் காதால் பேச்சையும் ஒரே நேரத்தில் வாங்குவார். கேளாதவருக்கு இரண்டுமே கண் வழிதான் வரவேண்டும், ஆகவே ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போய்விடும். பகிர்வை நிறுத்தியதும் பழையபடி இருவரும் பெரிதாக வந்துவிடுவார்கள்.

## "எனக்கு மட்டும் தெரியலை"

கூட்டத்தில் யாராவது ஒருவர் இப்படிச் சொன்னால், முதலில் உங்கள் மேசைப் போனைப் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் தப்பு உங்களிடம், ஸ்பாட்லைட் விழுந்துவிட்டது. அதில் சரியாக இருந்தால் தப்பு அவர் திரையில். பெரும்பாலும் Gallery காட்சியில் இருப்பார், Speaker காட்சிக்கு மாறச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்பு யாரையோ பின் செய்துவிட்டு மறந்திருப்பார், Remove Pin. போனில் இரண்டு தட்டில் பின் ஆகிவிடுவதால், பையில் வைத்து எடுத்தாலே இது நடக்கிறது.

ஒரு ஆளின் வீடியோ தெரிந்தும் கை மட்டும் விட்டுவிட்டு அசைகிறது என்றால், அது ஸ்பாட்லைட் பிரச்சினை இல்லை. இணைய வேகம் போதவில்லை. எல்லாரிடமும் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு, ஒருவரிடம் மட்டும் என்றால் அவருடைய இணைப்பு. மற்றப் பங்கேற்பாளர்கள் வீடியோவை அணைத்தால் கூட்டத்தின் சுமை குறையும், View மெனுவில் Hide Non-video Participants போட்டால் திரையும் சுத்தமாகும்.

## வேறு வழிகள் பற்றி

ஜூமிலேயே சைகை மொழிக்கென்று தனி வசதி இருக்கிறது, Sign language interpretation view என்ற பெயரில். அதைக் கணக்கின் இணையதள அமைப்புகளில் முன்பே இயக்கி, மொழிபெயர்ப்பாளர்களை அதில் நியமிக்கவேண்டும். பிறகு வேண்டியவர் மட்டும் அதைத் தேர்ந்தால் மொழிபெயர்ப்பாளர் தனிச் சின்னச் சன்னலில் வருவார், அதை நகர்த்தவும் பெரிதாக்கவும் முடியும். கணினியில் பழகியவர்கள் நிறைய இருக்கும் கூட்டத்துக்கு இதுதான் சிறந்தது, ஸ்லைடு வந்தாலும் சன்னல் சுருங்காது. ஆனால் ஒவ்வொருவரும் தானே தேடி அழுத்தவேண்டும். மொழிபெயர்ப்பாளரின் மைக் அங்கே இயல்பாக மூடியிருக்கும், குரலில் சொல்லவேண்டுமென்றால் ஹோஸ்ட் அனுமதி தரவேண்டும். முதல்முறை ஜூமுக்கு வரும் பாட்டிகள் இருக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஸ்பாட்லைட்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

கூகிள் மீட்டில் ஸ்பாட்லைட் என்பது அவரவர் திரைக்கான ஒரு காட்சி அமைப்புதான், ஊருக்கு இல்லை. அங்கே பின் செய்யும்போதே உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று கேட்கும், மூன்று பேர் வரை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ஸ்பாட்லைட் ஏழு பேர் வரை, அதோடு ஒவ்வொருவரும் தன் Settingsஇல் Accessibility பகுதிக்குப் போய்ச் சைகை மொழிக் காட்சியை இயக்கி, தன் மொழிபெயர்ப்பாளரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த கூட்டத்திலும் அது நினைவில் இருக்கும்.

பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், ஒத்திகையில் ஒரு நிமிஷம் பதிந்து, போட்டுப் பாருங்கள், அதுவும் ஸ்லைடு பகிர்ந்த ஒரு நிமிஷத்தையும் சேர்த்து. ஸ்லைடோடு ஒரே ஒரு பேச்சாளரை ஓரத்தில் காட்டும் அமைப்பு தேர்வாகியிருந்தால், பதிவில் மொழிபெயர்ப்பாளர் இருக்கவே மாட்டார். எங்கள் முதல் கூட்டத்தின் பதிவு அப்படித்தான் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம், கையே இல்லாமல்.